மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைவு

மாதம் பிறந்து மளிகை வாங்கப் போகிறவர்கள் கடையில் உள்ள எல்லாப் பொருளின் விலையையும் நினைவில் வைத்திருப்பதில்லை. அரிசி மூட்டை, எண்ணெய், துவரம் பருப்பு, சீனி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொருள்களின் விலைதான் மனதில் நிற்கும். அந்த நாலைந்து விலையை வைத்துத்தான் இந்தக் கடை மலிவு, அந்தக் கடையில் விலை அதிகம் என்று தெருவில் பேச்சு பரவுகிறது. கடுகு, சீரகம், துடைப்பம், ஊதுபத்தி எல்லாம் என்ன விலைக்குப் போனாலும் அந்தப் பேச்சில் பெரிதாக மாற்றம் வராது.

கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் எதிர்க்கடையில் விலை பார்த்து வருவது மளிகைத் தொழிலின் அன்றாடப் பழக்கமாகவே இருக்கிறது. ஆனால் பார்த்து வருவது வேறு, சரியாகக் குறித்து வருவது வேறு. தப்பாகக் குறித்த ஒரு தாளை நம்பி விலையைக் குறைத்து, லாபத்தைக் கோட்டைவிட்ட கடைகள் உண்டு. எப்படிக் குறிக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் முழுதாகப் பார்த்துவிடலாம். கணக்கு எளிதாக விளங்கும்படி விலைகளை நான் அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதில் வரும் சிக்கல்கள் ஒவ்வொன்றும் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் உள்ளவை.

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் நடுத்தரமான மளிகைக் கடை. நூறடி தள்டிப் புதிதாகக் குளிர்சாதன வசதியோடு ஒரு சூப்பர்மார்க்கெட் வந்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் அங்கே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அண்ணாச்சி கடைப் பையன் ஒருவனை அனுப்புகிறார். அவன் நான்கு பொருளின் விலையைக் குறித்துக்கொண்டு வருகிறான். பொன்னி அரிசி மூட்டை அங்கே 1,400 ரூபாய், இங்கே 1,430. சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் அங்கே 142, இங்கே 150. துவரம் பருப்பு கிலோ அங்கே 128, இங்கே 136. சீனி கிலோ அங்கே 40, இங்கே 44.

"அண்ணாச்சி, நாலுலயும் அவங்கதான் கம்மி."

"மூட்டை எத்தன கிலோன்னு பாத்தியா தம்பி?"

பையன் பார்க்கவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. மூட்டை என்றால் இருபத்தைந்து கிலோ என்பது நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் 2022 ஜூலையில் கலைந்தது. அந்த மாதம் 18ஆம் தேதி முதல், முன்கூட்டியே பொதியிட்டு விவரச்சீட்டு ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும், பொதி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தது. பொதியிட்ட பொருள்களுக்கான எடையளவு விதிகள் 25 கிலோவுக்கு மேற்பட்ட பொதிகளுக்குப் பொருந்தாது என்பதால் வரிக்கும் அதுவே எல்லையானது. ஆலைக்காரர்கள் மூட்டையில் ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோவாகத் தைத்தார்கள். அப்போதிருந்து கடைத்தெருவில் 25 கிலோ மூட்டையும் 26 கிலோ மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்தான்.

பையனைத் திரும்ப அனுப்பிப் பார்த்ததில், எதிர்க்கடை மூட்டை 25 கிலோ. கிலோவுக்கு 56 ரூபாய் ஆகிறது. அண்ணாச்சியின் மூட்டை 26 கிலோ. 1,430 ரூபாயை 26ஆல் வகுத்தால் 55 ரூபாய். மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைவு என்று தெரிந்த கடை உண்மையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக விற்கிறது.

எண்ணெயிலும் இதே கதைதான், ஆனால் இன்னும் நுட்பமாக மறைந்திருக்கிறது. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஒரு கிலோ எடை வராது. ஏறக்குறைய 910 கிராம்தான் வரும். அதுவும் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டரில் அடங்கும் எடை குறையும். சோயா எண்ணெயை எடுத்துக்கொண்டால், 21 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் 919 கிராம் இருக்கும், 60 டிகிரியில் 892.6 கிராம்தான். இதைச் சில நிறுவனங்கள் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டன. 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டால் அதற்கேற்ற குறைந்த எடையை நிரப்பினால் போதும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்திலும் எந்த அடுக்களை அலமாரியும் 60 டிகிரிக்குப் போகாது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவை அச்சிட்டு, கூடவே எடையையும் சரியாகப் போட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. திருத்திக்கொள்ள 2023 ஜனவரி வரை அவகாசம் கொடுத்தது.

அது தவிர, இன்னின்ன பொருளை இன்னின்ன அளவில்தான் பொதியிட வேண்டும் என்று முன்பு இருந்த பட்டியலும் விதிகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே லிட்டர் பாக்கெட் போலவே தோற்றமளிக்கும் பாக்கெட்டில் 850 கிராம் மட்டும் இருக்கலாம். எடையைச் சரியாக அச்சிட்டிருந்தால் அதில் சட்டமீறல் ஏதும் இல்லை. எதிர்க்கடையின் 142 ரூபாய்ப் பாக்கெட் அப்படிப்பட்டது. கிலோவாக மாற்றினால் 167 ரூபாய் 6 காசு. அண்ணாச்சியின் 150 ரூபாய்ப் பாக்கெட்டில் 910 கிராம். கிலோ 164 ரூபாய் 84 காசு. எட்டு ரூபாய் குறைவாகத் தெரிந்தது, கிலோவுக்கு இரண்டேகால் ரூபாய் கூடுதலாக முடிந்தது.

இதனால்தான் விலை அட்டவணையில் விலைக்கு முன்னால் அளவுக்குக் கட்டம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருள், ரகம் அல்லது பிராண்டு, நிகர எடை கிராமில், எம்.ஆர்.பி., உண்மையில் விற்கும் விலை, நிபந்தனை, கிலோ விலை, குறிப்பு என்று எட்டுக் கட்டம் போதும். தேதியும் நேரமும் தாளின் தலையில் இருக்கட்டும். எடைக் கட்டத்தில் எண்ணை மட்டும் எழுத வேண்டும். அங்கே ஒரு வரியில் 1 லி. என்றும் இன்னொரு வரியில் 910 கி. என்றும் எழுதினால் பிறகு எந்தக் கணக்கும் ஓடாது. கணினியில் விரிதாளில் போடுகிறவர்கள் கிலோ விலையைக் கையால் கணக்கிட வேண்டாம். எடை C கட்டத்திலும் விற்கும் விலை E கட்டத்திலும் இருந்தால், கிலோ விலைக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=ROUND(E2/C2*1000,2)
```

பாக்கெட்டிலேயே கிலோவுக்கு இவ்வளவு, கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதே, அதைக் குறித்தால் ஆகாதா என்று கேட்கலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் அது கட்டாயமானது உண்மைதான். ஆனால் அந்த எண் எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடைக்காரர் தள்ளுபடியில் விற்றால் அது பொருந்தாது. நாற்பது ரூபாய் தள்ளுபடி ஒட்டியிருக்கும் பாக்கெட்டின் அச்சிட்ட கிலோ விலையைக் குறித்துக்கொண்டு வந்தால், எதிர்க்கடையை இருப்பதைவிட விலை கூடியதாக நாமே காட்டிக்கொள்வோம்.

மூன்றாவது பொருளான துவரம் பருப்பில் அளவுச் சிக்கல் இல்லை. இரு கடையிலும் சில்லறையாக நிறுத்துத் தருவதுதான். கிலோ என்றால் கிலோதான். இங்கே சிக்கல் ரகம். பருப்பு என்ற ஒரே பெயருக்குள் முழுப் பருப்பு, நொறுங்கல் கலந்தது, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கியது, பழைய இருப்பு எல்லாம் அடங்கும். பார்வைக்குத் தெரியாத வித்தியாசம் குக்கரில் தெரியும். ஆகவே சில்லறைப் பொருள்களைப் பொறுத்தவரை கால் கிலோ வாங்கி வருவதுதான் முறை. வெள்ளைத் தட்டில் நம் பருப்பையும் அவர்கள் பருப்பையும் பக்கத்தில் பரப்பி, நொறுங்கலையும் தோலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே அளவு தண்ணீரில், ஒரே நேரம் வேகவைத்துப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி கடையில் அப்படிச் செய்தபோது எதிர்க்கடைப் பருப்பில் நொறுங்கல் அதிகம் என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது 128, 136 என்ற இரண்டு எண்களை ஒரே வரியில் எழுதவே கூடாது. இரண்டாம் ரகத்துக்குத் தனி வரி போட்டு, நம் கடையில் அந்த ரகம் இல்லை என்று குறிக்க வேண்டும். அரிசிக்கும் இதே விதிதான். பழைய அரிசியும் புது அரிசியும் ஒரு வரியில் வரக் கூடாது. இட்லி அரிசிக்கு இது இன்னும் முக்கியம்.

சீனி விலையில் ஒளிந்திருந்தது நிபந்தனை. ஒரு பில்லுக்கு இரண்டு கிலோ வரைதான் 40 ரூபாய். அதற்கு மேல் 45. அலமாரியில் தொங்கும் அட்டையில் 40 மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். மற்றது அடியில் சிறியதாக இருக்கும், அல்லது பில் போடும்போதுதான் தெரியும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டும், அட்டை வைத்திருந்தால் மட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பவையெல்லாம் நிபந்தனைக் கட்டத்துக்குள் வர வேண்டியவை. இலவசத்தைக் கணக்கிடுவது எளிது. மூன்றுக்குக் கொடுத்த பணத்தை நான்கின் எடைக்கு வகுத்தால் கிலோ விலை வந்துவிடும். ஆனால் மூன்று வாங்காதவருக்கு அந்த விலை கிடையாது என்பதால் தனி விலையையும் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது நான்கு பொருளையும் ஒரு வீட்டின் மாதச் செலவாகக் கூட்டிப் பார்ப்போம். அரிசி 26 கிலோ, எண்ணெய் 910 கிராம் வீதம் நான்கு பாக்கெட் அளவு, பருப்பு இரண்டு கிலோ, சீனி மூன்று கிலோ. அண்ணாச்சி கடையில் 1,430, 600, 272, 132. மொத்தம் 2,434 ரூபாய். எதிர்க்கடையில் அதே எடைக்கு அரிசி 1,456, எண்ணெய் 608, பருப்பு 256, சீனி 125. மொத்தம் 2,445 ரூபாய். நான்கு அட்டையிலும் விலை குறைவாகத் தெரிந்த கடையில் மாதச் சாமான் பதினொரு ரூபாய் கூடுதல். இவ்வளவுக்கும் ரகம் குறைந்த பருப்பை நம் பருப்போடு சமமாக வைத்துத்தான் இந்தக் கணக்கு.

பையன் முதலில் கொண்டுவந்த தாளை நம்பி அண்ணாச்சி நான்கு விலையையும் எதிர்க்கடைக்குச் சமமாக இறக்கியிருந்தால் ஒரு குடும்பத்துக்கு 30, 32, 16, 12 என்று 90 ரூபாய் போயிருக்கும். மளிகையில் அரிசி, சீனி போன்ற பொருள்களில் கிடைக்கும் லாபம் மெல்லியது. 2,434 ரூபாய் வியாபாரத்தில் 90 ரூபாய் என்பது அதில் பெரும்பங்கு. தேவையில்லாமல் அதை இழந்திருப்பார்.

சரி, நாற்பது ஐம்பது பொருளுக்கு இப்படிப் பார்ப்பது எப்படி? எல்லாப் பொருளையும் பார்க்கத் தேவையில்லை. ஜனங்கள் விலையை நினைவில் வைத்திருக்கும் பொருள்களும், நம் கடையில் அதிகம் ஓடும் பொருள்களும் சேர்ந்து நாற்பது வந்தால் போதும். அந்த நாற்பதை மாற்றாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு பட்டியல் என்று மாற்றினால் போன வாரத்தோடு ஒப்பிட முடியாது. காய்கறி விலையைத் தினமும் பார்க்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். காலைத் தக்காளியும் மாலைத் தக்காளியும் விலையில் ஒன்றல்ல. அரிசி, பருப்பு, எண்ணெயை வாரம் ஒருமுறை பார்க்கலாம். சோப்பு, பற்பசை போன்றவற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எத்தனை கடை பார்த்தாலும் ஒரே மாலைக்குள் பார்த்து முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு கடையையும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கடையையும் பார்த்தால், வார இறுதித் தள்ளுபடியை நிரந்தர விலை என்று எண்ணிவிட நேரும்.

வெற்றுக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டவணையைக் கெடுப்பதில் இதற்கு முதலிடம் தருவேன். ஒரு பொருளுக்கு விலை எழுதாமல் விட்டால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். அந்தக் கடை அதை விற்பதே இல்லை. விற்பார்கள், ஆனால் இன்று தீர்ந்துவிட்டது. போனவர் பார்க்க மறந்துவிட்டார். மூன்றும் மூன்று விதமான செய்தி. தீர்ந்துவிட்டது என்பது தொடர்ந்து மூன்று வாரம் ஒரே பொருளுக்கு வந்தால் அவர்களுக்குச் சரக்கு வரத்து சரியில்லை என்று பொருள். நாம் அதைக் கூடுதலாக வாங்கி வைக்கலாம். ஆகவே "விற்பதில்லை", "தீர்ந்தது", "பார்க்கவில்லை" என்று மூன்றில் ஒன்றை எழுதாமல் எந்தக் கட்டத்தையும் விடக் கூடாது.

எழுதிய தாளில் பிழை இருக்கிறதா என்பதையும் அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். ஒரு பொருளின் கிலோ விலை போன வாரத்தைவிடப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால், பெரும்பாலும் எடையை மாற்றி எழுதியிருப்பார்கள், அல்லது வேறு ரகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வரிகளுக்கு மட்டும் மறுநாள் போய் மறுபடி பார்க்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் மட்டும் இது உண்மையான மாற்றமாகவே இருக்கக்கூடும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலையை மாற்றாமல் உள்ளே எடையைக் குறைப்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

அலமாரி அட்டையில் இருக்கும் விலையும் பில்லில் விழும் விலையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. அட்டையை மாற்ற மறந்திருப்பார்கள், கணினியில் மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் பட்டியலில் இருந்து சில பொருளை உண்மையாகவே வாங்கி, பில்லை அட்டவணையோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தவர் கடைக்குள் போய் அவர்கள் இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறோம் என்பதால் எதையாவது வாங்குவது மரியாதையும்கூட. படம் எடுக்க வேண்டாம் என்று சொன்னால் எடுக்கக் கூடாது. சரக்கு வாங்கும் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்போல் சீட்டில் குறித்துக்கொள்ளலாம். யார் நீங்கள் என்று கேட்டால் பொய் சொல்லத் தேவையில்லை. இன்ன கடையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

வால்மார்ட் நிறுவனர் சாம் வால்ட்டன் எதிர்க்கடைகளைச் சுற்றிப் பார்ப்பதை வாழ்நாள் முழுக்க விடவில்லை. 1992இல் வெளியான தன் வரலாற்றில் அவரே சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சான் டியேகோவில் பிரைஸ் கிளப் கடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் விலைகளைப் பேசிப் பதிந்துகொண்டிருந்தார். ஊழியர் ஒருவர் பிடித்து, கருவியை வாங்கிக்கொண்டார். வால்ட்டன் சண்டை போடவில்லை. அந்தக் கடையின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் பிரைஸுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். சில நாளில் கருவி திரும்பி வந்தது, பதிந்தது ஒன்றும் அழியாமல்.

விலைக்கு அடுத்து சேவை. இங்கேதான் பலருடைய தாள் கதையாக மாறிவிடுகிறது. "நல்ல கவனிப்பு", "சுமார்" என்று எழுதினால் அடுத்த வாரம் வேறொருவர் போய் வேறுவிதமாக எழுதுவார். எண்ணக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். பில் போடும் இடம் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை திறந்திருந்தன, வரிசையில் நின்றதிலிருந்து பில் கைக்கு வர எத்தனை நிமிடம், நாற்பது பொருளில் எத்தனை தீர்ந்துபோயிருந்தன, வீட்டுக்கு அனுப்ப எவ்வளவுக்கு வாங்க வேண்டும், எத்தனை மணிக்குள் வந்து சேரும். இவற்றையும் மாதத்தின் முதல் வாரத்தில் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் பார்த்தால்தான் பயன். பிற்பகல் மூன்று மணிக்கு எந்தக் கடையிலும் வரிசை இருக்காது.

நம் ஊர் மளிகைக் கடைக்கென்றே உரிய சேவைகளுக்கும் கட்டம் வேண்டும். பத்து ரூபாய்க்குக் கடுகு கொடுப்பார்களா? ஐம்பது கிராம் வெந்தயம் நிறுப்பார்களா? மாதக் கணக்கு எழுதிக்கொள்வார்களா? புழு விழுந்த ரவையைத் திரும்பக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்களா? பெரிய கடையில் இவற்றில் பலவற்றுக்கும் "இல்லை" என்று வரும். அந்த "இல்லை"களை ரூபாயில் கணக்கிட முடியாது. ஆனால் ஒரு கிலோ சீனிக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்தும் ஒரு குடும்பம் ஏன் அண்ணாச்சி கடைக்கே வருகிறது என்பதை விலைக் கட்டங்களைவிட இவைதான் விளக்குகின்றன.

இவ்வளவும் பார்த்தபின் அண்ணாச்சி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அரிசி விலையைத் தொட வேண்டாம். மூட்டை மேல் "26 கிலோ, கிலோ 55 ரூபாய்" என்று பெரிதாக எழுதி ஒட்டினால் போதும். எண்ணெய்க்கும் அப்படியே, எடையை எழுதி ஒட்டலாம். பருப்பில் இரண்டாம் ரகத்தைக் கொஞ்சம் வரவழைத்து, நல்ல பருப்பின் பக்கத்திலேயே வேறு விலையில் வைக்கலாம். விலை பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது உதவும். சீனியில் மட்டும் விலையை இறக்குவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் எதிர்க்கடை 40 ரூபாய்க்கு விற்கிறது என்பதை அட்டவணை சொல்லும். எவ்வளவுக்கு வாங்கியது என்பதைச் சொல்லாது. நஷ்டத்துக்கு விற்று ஆளை உள்ளே இழுக்கிறார்களா, அல்லது மொத்தமாக எடுத்ததால் அவர்களுக்கு விலை குறைந்து கிடைத்ததா என்பது அந்தத் தாளில் தெரியாது. இரண்டு கிலோதான் என்று வரம்பு கட்டியிருப்பது முதல் காரணத்தைக் காட்டுகிறது. தன் மொத்த வியாபாரியிடம் இப்போதைய சரக்கு விலையைக் கேட்டுப் பார்த்தால் அண்ணாச்சிக்கு ஓரளவு பிடிபட்டுவிடும்.

எதிர்க்கடை மேலாளரையே கூப்பிட்டு, நாமிருவரும் சீனியை 44க்கு வைத்துக்கொள்ளலாமே என்று பேசுவதற்கு மட்டும் போகக் கூடாது. வெளிப்படையாகத் தொங்கும் விலையைப் பார்த்துக் குறிப்பதில் தவறில்லை. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆவது பிரிவின்படி தடைசெய்யப்பட்ட ஒப்பந்தம். அடுத்த வாரம் என்ன விலை வைக்கப்போகிறீர்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதும் அந்த வழியில்தான் கொண்டுபோய் விடும். அட்டவணையில் ஏற வேண்டியது, அந்தக் கடைக்குள் போகும் எந்த வாடிக்கையாளரும் கண்ணால் பார்க்கக்கூடிய விலை மட்டுமே.